ஓட்டல் பில்லில் எதன்மேல் வரி? சேவைக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி: குடும்பங்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில் வருகிறது. பெரும்பாலான வீடுகளில் அதன் கடைசி வரியை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் நான்கைந்து வரிகளைப் படிக்க நமக்குப் பொறுமையும் இல்லை, அவை என்ன சொல்கின்றன என்பதும் தெளிவாகத் தெரிவதில்லை. "சர்வீஸ்" என்று எதையாவது பார்த்தால் அதையும் அரசாங்க வரி என்றே நினைத்துக்கொள்கிறோம். இந்த மாதப் பாடத்தில் அந்த நடு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூட்டல், பெருக்கல் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சரிபார்த்துவிடலாம். அடுத்த முறை பில் வந்ததும் அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.

மூன்று தொகை, மூன்று கைகள்

சாப்பாட்டு விலையைத் தவிர மூன்று விதமான தொகைகள் நம்மிடமிருந்து போகலாம். அவை போய்ச் சேரும் இடம் வேறு வேறு.

முதலாவது ஜிஎஸ்டி. இது அரசாங்கத்துக்குரியது. ஓட்டல்காரர் நம்மிடம் வாங்கி அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கையில் அது அமானத் போன்றது. தமிழ்நாட்டில் உள்ள ஓட்டலில் சாப்பிட்டால் அது இரண்டு பாதியாகப் பில்லில் வரும்: மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி. இரண்டும் எப்போதும் சமமாகவே இருக்கும்.

இரண்டாவது சேவைக் கட்டணம். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று 5 சதவீதமோ 10 சதவீதமோ போட்டிருப்பார்கள். இது அரசாங்க வரி அல்ல. ஓட்டல் நிர்வாகம் தானே சேர்த்துக்கொள்ளும் தொகை. இது ஓட்டலின் கணக்குக்குப் போகிறது. பரிமாறியவருக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது டிப்ஸ். சாப்பிட்டு முடித்தபின் நம் மனத்துக்குப் பட்டதை, பரிமாறியவர் கையில் நாமாகக் கொடுப்பது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். முன்பு "சர்வீஸ் டாக்ஸ்" என்று ஒரு மத்திய வரி இருந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததோடு ஓட்டல் பில்லில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. "சர்வீஸ் டாக்ஸ்", "சர்வீஸ் சார்ஜ்" ஆகிய இரண்டு பெயர்களும் காதில் ஒன்றுபோல ஒலிப்பதால், இன்றைக்கும் பலர் சேவைக் கட்டணத்தை அரசாங்கம் வாங்குவதாகவே எண்ணிக் கொடுக்கிறார்கள்.

வரி எவ்வளவு?

சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி மொத்தம் 5 சதவீதம். சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. தொடக்கத்தில் ஏசி இருந்தால் 18, இல்லாவிட்டால் 12 என்று இருந்தது. 2017 நவம்பர் 15 முதல் அந்த வேறுபாடு எடுக்கப்பட்டு இரண்டுக்கும் 5 என்று ஆனது. ஆகவே "மேலே ஏசி ஹால், அதனால் வரி அதிகம்" என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. ஏசி ஹாலுக்குச் சாப்பாட்டு விலையை அவர்கள் கூட்டி வைத்திருக்கலாம். அது அவர்கள் விருப்பம். வரி விகிதம் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அறை வாடகை நாளொன்றுக்கு ரூ.7,500-க்கு மேல் போகும் பெரிய தங்கும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம் வரும். நம் குடும்பங்கள் வழக்கமாகப் போகும் பிரியாணிக் கடைகளுக்கும் தெருமுனை உணவகங்களுக்கும் அது பொருந்தாது. எனவே இந்தப் பாடம் முழுவதும் 5 சதவீதத்தையே வைத்துக்கொள்வோம்.

எதன்மேல் வரி?

குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின்படி, விற்பவர் தன் பில்லில் பொருளோடு சேர்த்து வாங்கும் துணைக் கட்டணங்களும் வரிக்குரிய மதிப்பில் சேரும். பார்சலுக்குப் போடும் பேக்கிங் கட்டணமும் அப்படித்தான். சேவைக் கட்டணமும் அப்படித்தான். ஆகவே பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால், சாப்பாடும் அந்தக் கட்டணமும் சேர்ந்த தொகையின்மேல் 5 சதவீதம் வரி.

டிப்ஸ் அப்படியல்ல. நாமாக விரும்பிப் பரிமாறியவர் கையில் கொடுப்பது ஓட்டல் விற்ற எதற்கும் விலை ஆகாது. அது பில்லிலேயே வராது. அதன்மேல் வரியும் இல்லை.

தள்ளுபடி இருந்தால் அது வரிக்கு முன்பே கழிய வேண்டும். ரூ.1,000 சாப்பாட்டுக்குப் பில்லிலேயே 10 சதவீதம் தள்ளுபடி காட்டியிருந்தால், வரி ரூ.900-க்குத்தான்.

ஒரு பில்லை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் உள்ள ஒரு குடும்பம் பெருநாள் மறுநாள் வெளியே சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டன் பிரியாணி 4, ஒன்று ரூ.320: ரூ.1,280
சிக்கன் 65 இரண்டு தட்டு, ஒன்று ரூ.220: ரூ.440
பரோட்டா 6, ஒன்று ரூ.30: ரூ.180
பிர்னி 4, ஒன்று ரூ.75: ரூ.300
லெமன் ஜூஸ் 4, ஒன்று ரூ.50: ரூ.200

சாப்பாடு மொத்தம் ரூ.2,400.

ஓட்டல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் போட்டால் அது ரூ.240. இரண்டும் சேர்ந்து ரூ.2,640. இதன்மேல் 2.5 சதவீதம் சிஜிஎஸ்டி ரூ.66, அதே அளவு எஸ்ஜிஎஸ்டி ரூ.66. ஆக வரி ரூ.132. கொடுக்க வேண்டிய தொகை ரூ.2,772.

சேவைக் கட்டணம் இல்லாவிட்டால்? ரூ.2,400-க்கு சிஜிஎஸ்டி ரூ.60, எஸ்ஜிஎஸ்டி ரூ.60. மொத்தம் ரூ.2,520.

இரண்டுக்கும் வித்தியாசம் ரூ.252. சேவைக் கட்டணம் ரூ.240-தானே, மீதி ரூ.12 எங்கிருந்து வந்தது? அது சேவைக் கட்டணத்தின்மேல் விழுந்த 5 சதவீத வரி. இந்த 12 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் மீதிப் பகுதி முழுவதும் இது நம்மோடு வரும்.

கட்ட வேண்டியது கட்டாயமா?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. எந்த ஓட்டலும் உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. அது விருப்பத்துக்குரியது என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுக்க மறுத்தார் என்பதற்காக ஒருவரை உள்ளே விடாமலோ, பரிமாறாமலோ இருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பில்லோடு சேர்த்து, மொத்தத்தின்மேல் ஜிஎஸ்டி போட்டும் வசூலிக்கக் கூடாது. இவையே அந்த விதிகளின் சாரம்.

உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றன. அதே மாதத்தில் விதிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. பின்னர் 2025 மார்ச் 28-ஆம் தேதி அந்த நீதிமன்றத்தின் தனி நீதிபதி அமர்வு விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்து மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டிருக்கிறது. விரும்பிக் கொடுக்கும் டிப்ஸை இந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. கேட்காமலே பில்லில் ஏற்றிவிடுவதைத்தான் அது தடுக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒரு பக்கம் ஜிஎஸ்டி சட்டம் சேவைக் கட்டணத்தின்மேலும் வரி என்கிறது, இன்னொரு பக்கம் நுகர்வோர் விதி சேவைக் கட்டணத்தையே சேர்க்காதே என்கிறது. இரண்டும் மோதுகின்றனவா? இல்லை. வரிச் சட்டம் வாங்கியதற்கு வரி எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. அதை வாங்கியது நியாயமா என்பதை நுகர்வோர் சட்டம் பார்க்கிறது. சேவைக் கட்டணத்துக்கு வரி போட்டிருப்பதைக் காட்டி, "பாருங்கள், அரசாங்கமே வரி வாங்குகிறது, அப்படியானால் இது சட்டப்படியானதுதானே" என்று கவுண்டரில் சொன்னால், அந்த வாதம் நிற்காது.

நீக்கச் சொல்லும்போது வரும் தவறு

நம்மில் சிலர் துணிந்து கேட்டுவிடுகிறார்கள். கவுண்டரில் இருப்பவரும் சங்கடப்பட்டுக்கொண்டே பேனாவை எடுத்து ரூ.240-ஐ அடித்துவிட்டு, ரூ.2,772-லிருந்து கழித்து ரூ.2,532 என்று எழுதித் தருகிறார். நமக்கும் திருப்தி.

ஆனால் கணக்கு இன்னும் தவறாகத்தான் இருக்கிறது. சேவைக் கட்டணம் போய்விட்டது, அதன்மேல் போட்ட வரி போகவில்லை. நாம் கொடுக்க வேண்டியது ரூ.2,520. வாங்காத ஒன்றுக்கு ரூ.12 வரி கட்டுகிறோம். கட்டணம் நீங்கினால் அதன் வரியும் சேர்ந்தே நீங்க வேண்டும்.

அதனால் பேனாவால் அடித்துத் தருவதை ஏற்காமல் புதிய பில் கேட்பதே நல்லது. பில் போடும் இயந்திரத்தில் சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டுத் திரும்ப அச்சிட்டால் வரி தானாகவே ரூ.120-க்கு இறங்கிவிடும். கேட்பதும் எளிது: "தம்பி, சர்வீஸ் சார்ஜ எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க. ஜிஎஸ்டியும் அதுக்குத் தக்கன கொறையணும்." குரல் உயர்த்த வேண்டியதில்லை. கவுண்டரில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். பில் இயந்திரத்தில் அந்தக் கட்டணத்தைப் பதிந்து வைத்தது அவர் அல்ல.

பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். மறுத்தால், பில்லை வாங்கி வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் புகாருக்கு வலு இல்லை.

மொத்தம் சரி, உள்ளே தவறு

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. இன்னொரு ஓட்டலில் அதே சாப்பாட்டுக்கு இப்படிப் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

சாப்பாடு ரூ.2,400
சிஜிஎஸ்டி ரூ.60
எஸ்ஜிஎஸ்டி ரூ.60
இதுவரை ரூ.2,520
சேவைக் கட்டணம் 10 சதவீதம் ரூ.252
மொத்தம் ரூ.2,772

மொத்தம் முந்தைய பில்லைப் போலவே ரூ.2,772. கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. 10 சதவீதத்தை முதலில் கூட்டினாலும் 5 சதவீதத்தை முதலில் கூட்டினாலும் முடிவு ஒன்றாகத்தான் வரும். பெருக்கலின் இயல்பு அது.

ஆனால் உள்ளே என்ன நடந்திருக்கிறது? முதல் பில்லில் அரசாங்கத்துக்கு ரூ.132, ஓட்டலுக்குச் சேவைக் கட்டணமாக ரூ.240. இரண்டாவது பில்லில் அரசாங்கத்துக்கு ரூ.120, ஓட்டலுக்கு ரூ.252. அதே 12 ரூபாய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிவிட்டது. நாம் வரியாகக் கட்டிய தொகையின்மேலும் ஓட்டல் 10 சதவீதம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வரிக்கு யாரும் பரிமாறவில்லை. அதற்குச் சேவைக் கட்டணம் கேட்பதில் அர்த்தமும் இல்லை.

நம் பையிலிருந்து போனது ஒன்றுதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். வரி என்ற பெயரில் பொதுக் கருவூலத்துக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பது ஒன்று. நம் பிள்ளைகளில் பலர் ஓட்டல் தொழிலில் இருக்கிறார்கள், சிலர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. பில் இயந்திரத்தில் வரிசையை மாற்றிப் பதிந்துவிட்டால் நாள் முழுவதும் ஒவ்வொரு பில்லிலும் வரி குறைந்தே பதிவாகும். கணக்குத் தணிக்கை வரும்போது குறைந்த வரியையும் அதற்கான வட்டியையும் கட்ட வேண்டியவர் கடைக்காரரே. பில்லைப் படிக்கத் தெரிந்தவர் வாங்குகிறவராக இருந்தாலும் விற்கிறவராக இருந்தாலும் இது உதவும்.

நாற்பதால் பெருக்கிப் பாருங்கள்

வரி எதன்மேல் போடப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. 2.5 சதவீதம் என்பது நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே பில்லில் உள்ள சிஜிஎஸ்டி தொகையை 40-ஆல் பெருக்கினால், எந்தத் தொகையின்மேல் வரி போட்டார்கள் என்பது வெளியே வந்துவிடும்.

முதல் பில்லில் 66 × 40 = 2,640. அது சாப்பாடும் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகை. வரி சரியான தொகையின்மேல் போடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது பில்லில் 60 × 40 = 2,400. அது சாப்பாடு மட்டும். சேவைக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள், அதற்கு வரி காட்டவில்லை. அந்தச் சேவைக் கட்டணம் ரூ.252-ஐப் பத்தால் பெருக்கினால் 2,520 வருகிறது. அது வரி சேர்ந்த தொகை. வரியின்மேலும் கட்டணம் போட்டது தெரிந்துவிட்டது.

பேனாவால் அடித்துத் தந்த பில்லில் சாப்பாடு ரூ.2,400 மட்டும் நிற்கிறது. சிஜிஎஸ்டி ரூ.66 அப்படியே இருக்கிறது. 66 × 40 = 2,640. பில்லில் அந்தத் தொகையே இல்லை. எனவே வரி அதிகம்.

பெருக்கி வரும் தொகை ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இருந்தால் கவலைப்பட வேண்டாம். பைசாவை முழுமையாக்கியதால் வரும் வித்தியாசம் அது. பத்து, இருபது என்று விலகினால்தான் கேட்க வேண்டும்.

விலைப்பட்டியலில் "வரி உட்பட" என்று போட்டிருந்தால் கணக்கு வேறு. பிரியாணி வரி உட்பட ரூ.210 என்றால், 210-இல் 5 சதவீதம் எடுத்து ரூ.10.50 என்று சொல்லக் கூடாது. 210-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும். விலை ரூ.200, வரி ரூ.10. அத்தகைய பில்லில் கடைசியில் மறுபடியும் வரி கூட்டியிருந்தால் இரண்டு முறை வாங்குகிறார்கள் என்று பொருள்.

வரியே வாங்கக் கூடாத கடைகள்

எல்லா உணவகங்களும் நம்மிடம் ஜிஎஸ்டி வாங்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய கடை ஜிஎஸ்டி பதிவு செய்யாமல் இருக்கலாம். பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

இன்னொரு வகை, காம்போசிஷன் என்னும் இணக்கத் திட்டத்தில் உள்ள கடை. ஆண்டு விற்றுமுதல் ரூ.1.5 கோடி வரை உள்ள உணவகங்கள் இதில் சேரலாம். இவர்கள் தங்கள் விற்பனையில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து அரசாங்கத்துக்குக் கட்டுகிறார்கள். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க அனுமதி இல்லை. அதை அவர்கள் தங்கள் பில்லின் தலைப்பிலேயே எழுதியிருக்கவும் வேண்டும். அப்படி எழுதிவிட்டுக் கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று கூட்டியிருந்தால் அது தவறான பில்.

சரிபார்ப்பது எப்படி? வரி போட்ட பில்லில் 15 எழுத்து, எண்கள் கொண்ட ஜிஎஸ்டி பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடையானால் அது 33 என்று தொடங்கும். எண் இல்லை, வரி மட்டும் இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். எண் இருந்தால் gst.gov.in இணையதளத்தில் Search Taxpayer பகுதியில் அதை அடித்துப் பாருங்கள். கடையின் பெயர் வரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும், Regular என்றோ Composition என்றோ வகையும் வரும். Composition என்று வந்தால் உங்களிடம் வரி வாங்கியிருக்கக் கூடாது.

டிப்ஸ் எவ்வளவு, எப்படி?

சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்வது பரிமாறியவருக்கு எதிரானது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நல்ல மனத்திலிருந்து வருவது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் சேவைக் கட்டணத்தோடு நம் செலவு ரூ.2,772. அதை எடுத்துவிட்டு, ரூ.2,520 கட்டி, பரிமாறிய தம்பியின் கையில் ரூ.120 கொடுத்தால் செலவு ரூ.2,640. நமக்கு ரூ.132 மிச்சம். அந்த ரூ.120 முழுதும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

சதவீதமாகக் கணக்கிட விரும்புகிறவர்கள் வரிக்கு முந்தைய சாப்பாட்டுத் தொகையை வைத்துக் கணக்கிடலாம். ரூ.2,400-இல் 5 சதவீதம் ரூ.120. பில்லில் சேவைக் கட்டணத்தை விரும்பியே கட்டிவிட்டவர் மேலும் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வைத்தால் அது அவருடைய தயாளம்.

பணமாகக் கொடுப்பதே எளிது. கைபேசியில் அனுப்பினால், மேசையிலோ கவுண்டரிலோ ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தில் பில் தொகையோடு கூடுதலாகச் சேர்த்துப் போடாதீர்கள். அது கடையின் கணக்குக்குப் போய்விடும். பரிமாறியவரின் சொந்த எண்ணைக் கேட்டு அனுப்புங்கள். பில்லிலேயே "டிப்ஸ்" என்று ஒரு தொகை அச்சாகி வந்தால், அது டிப்ஸ் என்ற பெயரில் வந்த சேவைக் கட்டணம். நீக்கச் சொல்லலாம்.

பங்கு பிரிக்கும்போது

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து சாப்பிட்டுப் பங்கு பிரிக்கும்போதும் வரி பற்றிய தவறு நடக்கிறது. அவரவர் சாப்பிட்ட விலையை மட்டும் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் கவுண்டரில் நிற்பவர் மொத்த வரியையும் சுமப்பார். வெளியே சொல்லவும் மாட்டார். உறவுக்குள் மனக்கசப்பு இப்படித்தான் மெல்ல வருகிறது.

வழி எளிது. சேவைக் கட்டணம் இல்லாத பில்லில் அவரவர் சாப்பாட்டு விலையை 1.05-ஆல் பெருக்குங்கள். ரூ.2,400-இல் ஒரு குடும்பம் ரூ.800-க்குச் சாப்பிட்டிருந்தால் அவர்கள் பங்கு ரூ.840. மூன்று குடும்பங்களும் அப்படியே சாப்பிட்டிருந்தால் 840 × 3 = 2,520. பில் சரியாகப் பொருந்துகிறது. சேவைக் கட்டணம் கட்டுவதாகவே முடிவு செய்திருந்தால் 800-ஐ முதலில் 1.10-ஆலும் பிறகு 1.05-ஆலும் பெருக்க வேண்டும். ஆளுக்கு ரூ.924, மூன்றும் சேர்ந்து ரூ.2,772.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளை உட்காரவைத்து இந்த மூன்றையும் போடச் சொல்லுங்கள். விடையைக் கீழே கொடுத்திருக்கிறோம். முதலில் அதை மறைத்துக்கொள்ளுங்கள்.

1. சாப்பாடு ரூ.1,600, சேவைக் கட்டணம் ரூ.160, சிஜிஎஸ்டி ரூ.44, எஸ்ஜிஎஸ்டி ரூ.44, மொத்தம் ரூ.1,848. சேவைக் கட்டணத்தை நீக்கினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

2. பார்சல் சாப்பாடு ரூ.600, பேக்கிங் ரூ.20. சரியான சிஜிஎஸ்டி எவ்வளவு? மொத்தம் எவ்வளவு?

3. ஒரு பில்லில் சாப்பாடு ரூ.1,000, சேவைக் கட்டணம் இல்லை. சிஜிஎஸ்டி ரூ.27.50, எஸ்ஜிஎஸ்டி ரூ.27.50. என்ன நடந்திருக்கிறது?

விடைகள்: முதலாவதில் ரூ.1,680. ரூ.160 மட்டும் கழித்து ரூ.1,688 என்று சொன்னால், அதன்மேல் இருந்த ரூ.8 வரி மறந்துபோயிற்று. இரண்டாவதில் வரிக்குரிய தொகை ரூ.620, சிஜிஎஸ்டி ரூ.15.50, மொத்தம் ரூ.651. மூன்றாவதில் 27.50 × 40 = 1,100. பில்லில் இல்லாத ரூ.100-க்கு வரி போட்டிருக்கிறார்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டு அதன் வரியை எடுக்காமல் விட்டிருக்கலாம். சரியான மொத்தம் ரூ.1,050. வாங்கியது ரூ.1,055.

இந்த ஐந்து ரூபாயைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். "பில்லைக் கொஞ்சம் பாருங்க, வரி மாறியிருக்கு" என்று சொன்னால் போதும். கடைக்காரர் நேர்மையானவராக இருந்தால் உடனே சரிசெய்வார். அன்று அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லாருடைய பில்லும் சேர்ந்தே சரியாகிவிடும்.